வீசிங், சிஓபிடி உள்ளவர்களுக்கு ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும்: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூரில் ஒரு நெஞ்சுநோய் கிளினிக்கில் நர்ஸாக இருக்கிறேன். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், ஆரணி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறவர்கள் ஊசி அறை வாசலில் நின்று கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். உங்கள் டாக்டர் உங்கள் நெஞ்சை நேரில் பார்த்தவர். அவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

வீசிங்குக்கு ஊசி வந்திருக்காமே, போட்டா வீசிங் போயிடுமா சிஸ்டர்?

போகாது. ஆஸ்துமாவையோ, புகையாலும் தூசியாலும் நுரையீரல் நாள்பட்டுக் கெடும் சிஓபிடியையோ குணமாக்கும் தடுப்பூசி எதுவும் இல்லை. டாக்டர் எழுதித் தருவது இரண்டு தொற்றுகளுக்கான ஊசி. ஒன்று ஃப்ளூ வைரஸுக்கு, இன்னொன்று நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு. பின்னதைத்தான் எல்லோரும் நிமோனியா ஊசி என்கிறோம்.

தினமும் இழுக்கும் இன்ஹேலரின் வேலையை இந்த ஊசிகள் செய்யாது. வீட்டில் சமாளிக்கக்கூடிய இளைப்பை ஆக்சிஜன் வரைக்கும், ஐசியூ வரைக்கும் கொண்டுபோகிற காரணங்களில் இரண்டின் பலத்தைக் குறைக்கும். ஊசி போட்ட தைரியத்தில் பஃப்பை நிறுத்தினவர்கள் திரும்ப நெபுலைசருக்குத்தான் வருகிறார்கள்.

ஊட்ல எல்லாருக்கும் அதே ஜுரம்தான் வந்தது. எனுக்கு மட்டும் ஏன் ஆஸ்பத்திரி வரைக்கும் போச்சு?

முதல் காரணம் குழாயின் அகலம். மூச்சுக்குழாயின் ஆரம் பாதியானால், காற்று போகத் தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் தம்பிக்கு நோயில்லாத குழாய், 4 மில்லிமீட்டர் அகலம் என்று வையுங்கள். உங்களுடையது ஏற்கெனவே சுருங்கி 2 மில்லிமீட்டர். இரண்டு பேருக்கும் ஒரே ஜுரம். குழாயின் உள்சுவர் இரண்டு பேருக்கும் கால் மில்லிமீட்டர்தான் வீங்குகிறது. தம்பியின் குழாய் 3.5 ஆகிறது, தடை முன்பிருந்ததைப் போல 1.7 மடங்கு. உங்களுடையது 1.5 ஆகிறது, தடை மூன்று மடங்குக்கும் மேலே. வீக்கம் ஒன்றுதான், ஆனால் தம்பி இருமிக்கொண்டே வேலைக்குப் போவார், நீங்கள் படுக்க முடியாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள்.

இரண்டாவது, சளியை மேலே தள்ளிவிடும் நுண்ணிய மயிர்கள். மூச்சுக்குழாயின் உள்பக்கம் முழுக்க அவை அசைந்துகொண்டே இருக்கும். பல வருஷம் பீடிப் புகையோ விறகடுப்புப் புகையோ பட்டால் அவை உதிர்ந்துபோகும், இருப்பதும் மெதுவாகவே அசையும். சளி அங்கேயே தேங்கும். சிஓபிடி உள்ள பலருக்கு அந்தச் சளியில் பாக்டீரியா எப்போதும் கொஞ்சம் குடியிருக்கும். வைரஸ் வந்து சுவரைப் புண்ணாக்கினதும் அவை பெருகும். மூணாம் நாள் ஜுரம் விட்டது போலிருந்து, ஆறாம் நாள் சளி மஞ்சளாகி மறுபடி ஜுரம் ஏறுவது பெரும்பாலும் இதனால்தான்.

ஆஸ்துமாவில் இன்னொன்றும் உண்டு. வைரஸ் நுழைந்த செல் இன்டர்ஃபெரான் என்ற பொருளைச் சுரந்து பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும். ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாய்ச் செல்கள் சிலவற்றில் இந்தச் சுரப்பு குறைவாக இருப்பதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். அதனால் சாதாரண ஜலதோஷ வைரஸ்கூட மூக்கோடு நிற்காமல் கீழே இறங்கிவிடுகிறது.

ஃப்ளூன்னா சாதா சளி ஜுரம்தானே? அதுக்கு எதுக்கு ஊசி?

ஜலதோஷம் தும்மல், மூக்கொழுகல் என்று மெதுவாக ஆரம்பிக்கும். ஃப்ளூ எந்த வேளையில் வந்தது என்று சொல்லும்படி வரும். காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் 102, 103 ஜுரத்தோடும், அடித்துப்போட்ட மாதிரி உடம்புவலியோடும், வறட்டு இருமலோடும் படுத்துவிடுவார். பரிசோதனை செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் இப்படி வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

ஊசியால் என்ன பலன் என்பதற்கு எனக்குப் பிடித்த ஆதாரம் பாங்காக்கில் சிஓபிடி நோயாளிகள் 125 பேரிடம் செய்த ஆய்வு. ஊசி போட்டவர்களுக்கு ஃப்ளூவால் வரும் மூச்சு நோய் முக்கால் பங்கு குறைந்தது. எல்லா வருஷமும் இவ்வளவு கிடைக்காது. ஊசியில் இருக்கும் வைரஸ் ரகமும் ஊரில் சுற்றும் ரகமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பொறுத்துக் கூடும், குறையும்.

எந்த மாசத்துல போட்டுக்கணும்?

வட இந்தியாவில் பல ஊர்களில் ஆடி, ஆவணி மழையோடு ஃப்ளூ ஏறும். வேலூர், சென்னைப் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு, ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம் ஏறுகிறது. ஊசி போட்டு எதிர்ப்பு உண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். சில மாதங்களில் அது இறங்கவும் தொடங்கும். அதனால் நம் பக்கத்துக்கு ஆகஸ்ட், செப்டம்பர்தான் வசதி என்பது என் கருத்து. ஏப்ரலில் போட்டவருக்கு நவம்பர் வரும்போது பலம் குறைந்திருக்கும்.

தீபாவளி வரைக்கும் மறந்துவிட்டீர்களா, அப்போதும் போடுங்கள். கார்த்திகை, மார்கழி இன்னும் மீதி இருக்கிறது.

போன வருஷம்தான் போட்டேன். மறுபடியும் போடணுமா?

ஃப்ளூ ஊசி என்றால் வருஷா வருஷம் போட வேண்டும். இரண்டு காரணம். மேலே சொன்னபடி எதிர்ப்பு இறங்கிவிடுகிறது. வைரஸும் மாறிக்கொண்டே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வடக்குக் கோளத்துக்கும் செப்டம்பரில் தெற்குக் கோளத்துக்கும், எந்த ரகங்களைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. ஊசி வாங்கும்போது பெட்டியில் எந்த வருஷத்து ரகம் என்று போட்டிருக்கும். கடையில் இருப்பதில் புதியதைக் கேளுங்கள். நிமோனியா ஊசி வருஷா வருஷம் வேண்டாம். அதன் கணக்கே வேறு.

நிமோனியா ஊசின்னு ஒருத்தர் 13ன்றார், ஒருத்தர் 23ன்றார், இப்ப 20ன்னு வேற சொல்றாங்க. எதைப் போடுறது?

நிமோகாக்கஸில் நூறு ரகத்துக்கு மேல் உண்டு. அந்த எண், ஊசி எத்தனை ரகத்துக்கு எதிராக வேலை செய்கிறது என்பதைச் சொல்கிறது. 23 பெரிய எண் என்பதால் அதுதான் சிறந்தது என்று நினைக்க வேண்டாம். 23 ரக ஊசியில் பாக்டீரியாவின் மேலுறைச் சர்க்கரை மட்டும் இருக்கிறது. உடம்பு அதற்கு எதிர்ப்பைக் காட்டும், ஆனால் நெடுநாள் நினைவில் வைக்காது. 13, 20 ரக ஊசிகளில் அந்தச் சர்க்கரையை ஒரு புரதத்தோடு இணைத்திருப்பார்கள். உடம்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளும்.

ஒரு கணக்கைச் சொன்னால் புரியும். குடியாத்தம் பக்கத்து அம்மா ஒருவர், வயது 58. முப்பது வருஷம் விறகடுப்பு, கூடவே வீட்டில் பீடி சுற்றும் வேலை. சிஓபிடி, சர்க்கரை இரண்டும் உண்டு. இதுவரை எந்த ஊசியும் போட்டதில்லை. ஆகஸ்டில் வருகிறார். அன்றைக்கே ஒரு கையில் ஃப்ளூ ஊசியும் மறு கையில் 13 ரக நிமோனியா ஊசியும் போடலாம். ஒரே நாளில் இரண்டும் போடுவதில் தப்பில்லை. அடுத்த வருஷம், 59 வயதில், ஃப்ளூ ஊசியோடு 23 ரக ஊசி. 65 வயது ஆனதும் 23 ரகம் இன்னொன்று, ஆனால் 65க்கு முன்னால் போட்ட 23க்கும் அதற்கும் குறைந்தது ஐந்து வருஷ இடைவெளி இருக்க வேண்டும். அத்தோடு முடிந்தது. முதல் நாளே அவருக்கு 20 ரக ஊசி கிடைத்திருந்தால், அந்த ஒன்றோடு நிமோனியா ஊசிக் கணக்கு முடிந்திருக்கும்.

தெரியாமல் முதலில் 23 போட்டுவிட்டவர்கள் பதற வேண்டாம். ஒரு வருஷம் விட்டு 13 அல்லது 20 போட்டுக்கொள்ளலாம். எந்த ஊசி, எந்தத் தேதி என்று எழுதிய அட்டை மட்டும் கையில் இருக்க வேண்டும். ஊசிப் புட்டியின் ஸ்டிக்கரை நோட்டில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். ஐந்து வருஷம் கழித்து வரும்போது "ஏதோ நிமோனியா ஊசி போட்டாங்க" என்றால் நாங்கள் எதையும் முடிவு செய்ய முடிவதில்லை.

ஊசி போட்ட அன்னிக்கே வீசிங் வந்துடும்னு எங்க அண்ணி சொல்றாங்க. நிஜமா?

இந்தப் பயம்தான் நிறைய பேரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் ஆஸ்துமா உள்ள 2,032 பேரிடம், 3 வயதுக் குழந்தையிலிருந்து 64 வயது வரை, இதை நேராகச் சோதித்து 2001-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்மையான ஃப்ளூ ஊசி, ஒரு முறை மருந்தில்லாத வெறும் ஊசி. எது எப்போது போட்டது என்று அவர்களுக்கும் தெரியாது, போட்டவருக்கும் தெரியாது. அடுத்த இரண்டு வாரத்தில் ஆஸ்துமா கூடினவர்கள் உண்மையான ஊசிக்குப் பிறகு 28.8 சதவீதம், வெறும் ஊசிக்குப் பிறகு 27.7 சதவீதம்.

அந்த இரண்டாவது எண்ணைக் கவனியுங்கள். மருந்தே இல்லாத ஊசிக்குப் பிறகும் நாலில் ஒருவருக்கு மேல் இளைப்பு கூடியிருக்கிறது. ஆஸ்துமா உள்ள யாரை எடுத்துக்கொண்டாலும் எந்த இரண்டு வாரத்திலும் அப்படித்தான் இருக்கும். உங்கள் அண்ணிக்கு வந்த வீசிங் நிஜம். ஆனால் அது ஊசியால் வந்தது என்பதற்கு அது சாட்சி ஆகாது.

கையில் போடும் ஃப்ளூ ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் ஃப்ளூ வராது. கைவலி, ஒரு நாள் லேசான ஜுரம் வரலாம், பாராசிட்டமால் போதும். மூக்கில் விடும் ஃப்ளூ மருந்து ஒன்று உண்டு, அதில் பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸ் இருக்கும். வீசிங் உள்ளவர்களுக்கு, முக்கியமாகச் சின்னக் குழந்தைகளுக்கு, அது வேண்டாம். ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம். அபூர்வமாக வரும் கடும் அலர்ஜி அந்த நேரத்துக்குள்தான் பெரும்பாலும் காட்டும்: உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், தொண்டை இறுக்கம், தலைசுற்றல். அதற்கு அட்ரினலின் ஊசி கையிலேயே வைத்திருப்போம். உங்கள் நீல நிற இன்ஹேலரையும் பையில் எடுத்து வாருங்கள். முட்டை அலர்ஜி இருந்தாலும் ஃப்ளூ ஊசி போடலாம், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஊசி போட்டும் சளி பிடிச்சுதே. காசு வேஸ்ட்டா?

சளி பிடிக்க வைக்கும் வைரஸ்கள் நிறைய. அதில் முக்கியமான ரைனோ வைரஸுக்கு இதுவரை ஊசி இல்லை. உங்களுக்குப் பிடித்தது பெரும்பாலும் அந்த வகைதான். பள்ளிப் பிள்ளைகளின் ஆஸ்துமா கூடும் நேரங்களில் ஐந்தில் நாலு தடவை ஏதோ ஒரு வைரஸ் கிடைத்திருக்கிறது, அதில் பெரும்பங்கு ரைனோதான். ஆகவே ஊசியின் பலனைச் சளி பிடித்ததா இல்லையா என்று பார்க்காதீர்கள். கார்த்திகையில் எத்தனை தடவை ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்பட்டது, எத்தனை நாள் அட்மிஷன் என்று போன வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஸ்டீராய்டு மாத்திரை சாப்டுகினு இருக்கேன். இன்ஹேலர்லயும் ஸ்டீராய்டுதான். போடலாமா?

இன்ஹேலர் எந்தத் தடையும் இல்லை. பிரெட்னிசோலோன் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் இந்த இரண்டு ஊசியும் பாதுகாப்பானவை, ஏனென்றால் இரண்டிலும் உயிருள்ள கிருமி இல்லை. நிறைய நாள் அதிக அளவில் சாப்பிட்டால் எதிர்ப்பு கொஞ்சம் குறைவாக உண்டாகும், அவ்வளவுதான். தினமும் 20 மில்லிகிராமோ அதற்கு மேலோ இரண்டு வாரம் சாப்பிட்டவர்கள் உயிருள்ள தடுப்பூசிகளைத்தான் தவிர்க்க வேண்டும். ஊசிக்காக மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள், அது ஊசி போடாததைவிட ஆபத்து.

இப்ப இருமல் இருக்கு. நெபுலைசர் வச்சுகினு வந்தேன். இன்னிக்கே போடட்டுமா?

மூக்கொழுகலும் லேசான இருமலும் மட்டும் என்றால் போடலாம். ஜுரம் இருந்தாலோ, இளைப்பு கூடி நெபுலைசர் தேவைப்பட்டிருந்தாலோ, அது அடங்கட்டும். மூச்சு வழக்கத்துக்கு வந்ததும் போட்டுக்கொள்ளலாம். அதற்காகத் தனியாக ஒரு பயணம் வேண்டாம், டாக்டர் திரும்ப வரச் சொன்ன தேதியிலேயே போட்டுவிடலாம்.

மெடிக்கல்ல வாங்கி, பைக்ல எடுத்து வரலாமா?

வேலூர் வெயிலில் இது நிஜமான பிரச்சினை. இரண்டு ஊசியும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வண்டிப் பெட்டியில் வைத்து ஆரணியிலிருந்து வந்தால் அதற்குள் சூடாகிவிடும். ஆனால் நான் அதிகம் பார்க்கும் தப்பு அதற்கு நேர்மாறானது. நல்ல மனசோடு ஐஸ் கட்டி நிரம்பிய கவரில் ஊசியை நேராகப் புதைத்துக் கொண்டுவருவார்கள், இல்லையென்றால் வீட்டு ஃபிரிட்ஜில் ஃப்ரீசர் தட்டில் வைத்துவிடுவார்கள். உறைந்த ஊசி கெட்டுப்போன ஊசி, மறுபடி உருகினாலும் அதைப் போடக் கூடாது. பார்வைக்கு வித்தியாசம் தெரியாமலும் இருக்கலாம்.

ஊசி இருப்பு வைத்திருக்கும் இடத்திலேயே போட்டுக்கொள்வதுதான் நல்லது. வேறு வழியில்லை என்றால் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பேக், அதன் மேல் மடித்த துணி, அதற்கு மேல் அட்டைப் பெட்டியோடு ஊசி. புட்டி ஐஸ் மீது படக் கூடாது. கடையில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் தருகிறார்களா, அலமாரியிலிருந்தா என்றும் பாருங்கள். அலமாரியிலிருந்து எடுத்தால் வாங்க வேண்டாம்.

என் பையனுக்கு ஏழு வயசு, வீசிங் இருக்கு. அவனுக்கும் இதே கணக்கா?

ஃப்ளூ ஊசி அவனுக்கும் வருஷா வருஷம் நல்லது. 9 வயதுக்குள் முதல் தடவையாகப் போடுகிறவர்களுக்கு அந்த வருஷம் மட்டும் இரண்டு ஊசி, நாலு வார இடைவெளியில். அதனால் ஆகஸ்டிலேயே ஆரம்பியுங்கள். நிமோனியா ஊசி இப்போது குழந்தைகளுக்கு அரசு அட்டவணையிலேயே இருக்கிறது, ஒன்றரை மாதம், மூன்றரை மாதம், 9 மாதம் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். நாடு முழுக்க அது 2021-இல்தான் வந்தது. ஆகவே உங்கள் பையனுடைய அட்டையை எடுத்துப் பார்த்து, போட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள்.

எனக்கு டிபி வந்து குணமாயிடுச்சு. ஆனா மூச்சு வாங்குது. எனக்கும் சேருமா?

சேரும். டிபி போனாலும் தழும்பு தங்கிவிடும், சில இடத்தில் குழாய் விரிந்து சளி தேங்கும். முன்னால் சொன்ன சளித் தேக்கம் உங்களுக்கும் அப்படியே பொருந்தும். குவாரி, அரைவை மில் தூசியால் நுரையீரல் கெட்டவர்களுக்கும் இதே பதில்தான்.

கையில ஒரு ஊசிக்குத்தான் காசு இருக்கு. எதை முதல்ல போடட்டும்?

பெரியவர்களுக்கான இந்த இரண்டும் தேசிய அட்டவணையில் இல்லை, அதனால் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கிறது. மழைக்காலம் நெருங்கினால் ஃப்ளூ ஊசியை முதலில் போடுங்கள். விலையும் குறைவு, ஆபத்தும் அடுத்த மாதமே வருகிறது. தை, மாசியில் கேட்டால், அதுவும் ஒரு முறை நிமோனியா வந்து படுத்தவராக இருந்தால், நிமோனியா ஊசியை முதலில் போடச் சொல்வேன், ஃப்ளூ ஊசிக்கு ஆவணி வரை அவகாசம் இருக்கிறது. நெதர்லாந்தில் 65 வயதைத் தாண்டிய 84,000-க்கும் மேற்பட்டவர்களிடம் 13 ரக ஊசியைச் சோதித்தபோது, அந்த ரகங்களால் வரும் நிமோனியா பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 45 சதவீதம் அளவுக்குக் குறைந்தது.

எல்லாம் போட்டும் திடீர்னு 103 ஜுரம் வந்தா இன்னா பண்றது?

ஊசி போட்டிருக்கிறேனே என்று வீட்டில் காத்திருக்காதீர்கள். ஃப்ளூவுக்கு ஓசெல்டாமிவிர் என்ற மருந்து இருக்கிறது. ஜுரம் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் அதன் முழுப் பலன். அதனால் மூணாம் நாள் வருவதைவிட முதல் நாளே டாக்டரிடம் வருவது மேல். கிட்னிக் கோளாறு இருந்தால் அளவு மாறும், சொல்லிவிடுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது.

இன்ஹேலரை வழக்கம்போல இழுங்கள். நீல பஃப் நாலு மணி நேரம்கூடத் தாங்கவில்லை, ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகிறது, தூக்கக் கலக்கத்தில் உளறுகிறார், இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால் ஆஸ்துமாக்காரர்களுக்கு 92-க்குக் கீழே போனாலும் அதேதான். சிஓபிடி உள்ளவர்களுக்குச் சாதாரண நாளிலேயே அது குறைவாகக் காட்டும். அதனால் உடம்பு நன்றாக இருக்கும் நாளில் ஒரு தடவை மாட்டிப் பார்த்து, அந்த எண்ணை ஊசி அட்டையின் பின்பக்கம் எழுதி வையுங்கள். ஜுர நாளில் அதைவிடக் குறைந்தால் டாக்டரிடம் அந்த இரண்டு எண்ணையும் சொல்லுங்கள்.